பார்லர் திறப்பு விழாவுக்கு ஒரு தெவி

பிரெஞ்சில் 'தெவி' என்று ஒரு சொல் உண்டு. கொத்தனாரோ தச்சரோ வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், எதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மதிப்பீட்டுச் சீட்டு அது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமே பாதி இந்தத் தெவியாகத்தான் இருக்கும். பிறகு முப்பத்து நான்கு வருடம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து 'எஸ்டிமேட்' என்ற பெயரில் அதையேதான் எழுதினேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றின் திறப்பு விழாவுக்குத் தெவி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. எழுத வேண்டியதாயிற்று.

என் தங்கை மகள் பதினொரு வருடம் ஒரு பார்லரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். கை சுத்தம், பேச்சு இனிமை. லாஸ்பேட்டையில் ஒரு தெருமுனைக் கடையை வாடகைக்குப் பிடித்தாள். முந்நூறு சதுர அடி. என் தங்கை விட்டுப்போன ஐந்து சவரன் சங்கிலியை அடகு வைத்துத்தான் உள்வேலையெல்லாம் நடந்தது. முடி வெட்டும் நாற்காலி இரண்டு, ஃபேஷியல் செய்யப் படுக்கை ஒன்று, காத்திருப்பவர்களுக்கு மூன்று பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று. வேலைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நன்றாகத் தெரிந்தவள். மற்றவள் புருவம் திருத்துவதும் வேக்ஸிங்கும் மட்டும் தெரிந்த புதுப்பெண்.

உழவர்கரை நகராட்சியில் லைசென்சுக்கு அலைந்த வேலை முடிந்ததும், "மாமா, திறப்பு விழாவுக்கு நாப்பதாயிரம் ஒதுக்கியிருக்கேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தாளில் ஐந்து வரிகள் இருந்தன. சின்னத்திரை நடிகை ஒருவர் வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போக 15,000. பலூன் வளைவு, சீரியல் விளக்கு, ஸ்பீக்கர் 8,000. நூறு பேருக்கு டிபன் 9,000. இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்து விநியோகிக்க 5,000. வந்தவர்களுக்குப் பரிசுப் பொருள் 3,000. கூட்டினால் சரியாக நாற்பதாயிரம். அடியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், முதல் வாரச் சலுகை: எல்லா ஃபேஷியலும் பாதி விலை, எது செய்தாலும் புருவம் இலவசம், ஹேர் டை முப்பது சதவிகிதம் தள்ளுபடி.

கணக்கில் பழகிய கண்ணுக்கு முதலில் பட்டது, இந்த நாற்பதாயிரமும் ஒரே காலையில், பதினொரு மணிக்குள் செலவாகிவிடுகிறது என்பதுதான். அதற்குப் பிறகு வரும் ஏழு நாளுக்கு ஒரு பைசா ஒதுக்கீடு இல்லை. ஆனால் சலுகை ஏழு நாளும் உண்டு. அந்தச் சலுகைக்கான பணம் எங்கிருந்து வரும்? "அது செலவு இல்லையே மாமா, வர வேண்டியதுல கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே" என்றாள்.

அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. என்னைப் பொறுத்தவரை வருவாயைக் கைவிடுவதும் செலவுதான். அதற்கும் ஒரு தலைப்பு வேண்டும், ஓர் உச்சவரம்பு வேண்டும். இல்லையென்றால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

ஃபேஷியலை எடுத்துக்கொண்டோம். அவள் நிர்ணயித்த விலை 800 ரூபாய். ஒருவருக்கான கிரீம், பேக், பஞ்சு, டிஷ்யூ, ஒரு தடவை விரித்து எறியும் விரிப்பு எல்லாம் சேர்ந்து 180 ரூபாய் ஆகிறது என்று அவளே சொன்னாள். ஆக, கையில் நிற்பது 620. பாதி விலை 400 என்று கொடுத்தால் சாமான் செலவு பாதியாகாது, அதே 180தான். கையில் நிற்பது 220. வாடிக்கையாளருக்கு விலை பாதியாகிறது. கடைக்காரிக்கோ மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பவும் நஷ்டம் இல்லையே" என்றாள். உண்மைதான், நஷ்டம் இல்லை. ஆனால் நேரம் இருக்கிறதே!

இங்கே பழைய பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் 'ரொபினே' கணக்கு என்றால் சிரிப்பார்கள். ரொபினே என்றால் குழாய். ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் நீரை விடுகின்றன. அடியில் ஒரு துளை வழியாக நீர் வெளியேறுகிறது. தொட்டி எத்தனை மணிக்கு வழியும்? முசியே கரும்பலகையில் தொட்டியைப் படம் போட்டு, வழிகிற தண்ணீரையும் வரைவார். தொட்டியின் கொள்ளளவைச் சொல்லிவிட்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒரே மணி நேரத்துக்குக் கணக்கிடு, அப்புறம் எல்லாம் தானே வரும் என்பார்.

பார்லரும் அந்தத் தொட்டிதான். நோட்டீசும் சலுகையும் குழாய்கள். வேலை செய்யும் கைகள்தான் வெளியேறும் துளை. மூன்று பேர் உட்காரும் அந்தப் பெஞ்சு தொட்டி. கடை காலை பத்து முதல் மாலை ஏழு வரை. சாப்பாடு, பெருக்கித் துடைப்பது போக எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபேஷியல், விரிப்பு மாற்றிப் படுக்கையைத் தயார் செய்யும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி. படுக்கை ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் முடியாது. ஏழு நாளுக்கு நாற்பத்திரண்டு பேர்.

இரண்டாயிரம் நோட்டீசைப் பார்த்துவிட்டு நூறு பெண்கள் பாதி விலை ஃபேஷியலுக்கு வந்தார்கள் என்று வையுங்கள். நாற்பத்திரண்டு பேருக்குச் செய்யலாம். மற்ற ஐம்பத்தெட்டுப் பேர்? பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, வாசலில் நின்று, 'சும்மா விளம்பரம் பண்ணி ஏமாத்துறாங்க' என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அவர்கள் யார்? அடுத்த தெரு, எதிர் வீடு. இனி வாழ்நாள் முழுக்க இந்தக் கடைக்கு வர வேண்டியவர்கள். தொட்டியில் வழிந்து வீணாவது அவர்கள்தான்.

சரி, ஆறு பேரும் வந்து படுக்கை நாள் முழுதும் நிறைந்தே இருந்தது என்றால் வருமானம் என்ன? ஆறு தடவை 220, ஆக 1,320. வாடகை, இரண்டு பெண்களின் சம்பளம், மின்சாரம், நகைக்கடன் வட்டி என்று அவளுக்கு மாதம் 32,000 ரூபாய் வெளியே போகிறது. நாளொன்றுக்கு ஆயிரத்து அறுபது சொச்சம். ஆக நாளெல்லாம் மாய்ந்தாலும் கையில் தங்குவது ஏறக்குறைய இருநூற்றைம்பதுதான். அந்த எட்டு மணி நேரமும் அவளோ அந்தத் தேர்ந்த பெண்ணோ படுக்கைப் பக்கத்தை விட்டு நகர முடியாது.

"அப்ப சலுகையே வேணாங்கறீங்களா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுக்கடைக்குச் சலுகை வேண்டும். எந்த வேலையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இதற்கு விடை என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருந்தது. அவளுடைய பதினொரு வருட அனுபவத்தை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம், சாமான் எவ்வளவு, வந்தவள் மறுபடி எப்போது வருவாள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முடி வெட்டிக்கொண்டவள் இரண்டு மூன்று மாதம் கழித்து வருவாள். ஃபேஷியல் செய்துகொண்டவள் அடுத்த விசேஷத்துக்கு வந்தாலும் வரலாம். புருவம் திருத்திக்கொண்டவளுக்கு மூன்று நான்கு வாரத்தில் முடி முளைத்துவிடும். அவள் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நேரமோ பத்து நிமிடம். சாமான் ஒரு முழ நூலும் கொஞ்சம் பவுடரும். புதுப்பெண்ணுக்கும் தெரிந்த வேலை. படுக்கை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும்.

எனவே முதல் வாரச் சலுகை புருவத்துக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஐம்பது ரூபாய் வேலை இருபது ரூபாய்க்கு. இலவசம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இலவசம் என்றால் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள், காசு கொடுத்து வருகிறவளுக்கு இடம் இருக்காது என்பது அவள் பார்த்த அனுபவம்.

அதோடு, வந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் தேதியும் எழுதிய ஒரு அட்டை. முப்பது நாளுக்குள் மறுபடி வந்தால் ஃபேஷியல் 800 ரூபாய்க்குப் பதில் 600. ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். காரணம் உண்டு. சனி, ஞாயிறு எப்படியும் கூட்டம் வரும், அதற்குச் சலுகை கொடுத்து அழைக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை நம் பக்கத்தில் பாதி வீடுகளில் முடியில் கத்தரி படக்கூடாது என்பார்கள், கடை காய்ந்து கிடக்கும். காலியாகக் கிடக்கும் படுக்கையை 600 ரூபாய்க்குக் கொடுத்தாலும் கையில் 420 நிற்கிறது. நிறைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அதே சலுகையைக் கொடுத்தால் முழு விலை கொடுக்கத் தயாராக இருப்பவளை வெளியே நிற்க வைக்க வேண்டிவரும்.

ஹேர் டைக்கான தள்ளுபடியை முழுவதுமாக எடுத்துவிட்டோம். இதில் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே யோசித்துச் சொன்னாள். சாயம் பூசுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பு காதின் பின்பக்கமோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி தடவி, சிவக்கிறதா, அரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். டை டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் பூசிக்கொள்ளும்போது அதைப் படிப்பதே இல்லை (நான் என் தலையில் பூசுவதை விட்டு எட்டு வருடமாகிறது, எனவே துணிந்து சொல்கிறேன்). முதல் வாரச் சலுகை என்று கூட்டத்தை அழைத்துவிட்டு, 'இன்று தடவிவிட்டுப் போங்கள், மறுநாள் கழித்து வாருங்கள்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவசரத்தில் சோதனை செய்யாமலே பூசிவிடுவார்கள். ஒருத்திக்கு முகம் வீங்கினால் போதும். புதுக்கடைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. புதிய முகத்துக்கு ஃபேஷியலும் கல்யாணத்துக்கு முதல் நாள் செய்ய மாட்டேன், குறைந்தது நான்கைந்து நாள் முன்பு வரச்சொல்வேன் என்றாள்.

இதற்குப் பிறகு தெவி எழுதுவது சுலபமாகிவிட்டது. நடிகை போனார். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, முக்கியமாக அவள் மகனுக்கு. "தாத்தா, செலிபிரிட்டி இல்லாம எப்படி ஓப்பனிங்?" என்றான். நடிகையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் பையன்கள், கையில் செல்போனோடு. அவர்கள் புருவம் திருத்திக்கொள்ளப் போகிறார்களா என்று கேட்டேன். அவன் அம்மா சிரித்துவிட்டாள். பலூன் வளைவும் ஸ்பீக்கரும் போயின. வாழைமரம், மாவிலைத் தோரணம், சீரியல் விளக்கு, நாற்காலி வாடகை மட்டும் நின்றன.

விளக்கேற்ற யாரை அழைப்பது என்பதற்கு நல்ல யோசனை சொன்னது தெருவில் பூ விற்கும் அம்மாள். அந்தப் பகுதியில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். நான்கு தெருப் பெண்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். 'டீச்சர் வராங்களாம்' என்ற செய்தியைப் பூக்கார அம்மாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டார். டீச்சருக்கு ஒரு புடவையும் வெற்றிலை பாக்கும்தான் மரியாதை. அழைப்பும் அப்படியே. என் தங்கை மகள் தானே குங்குமச் சிமிழோடு நான்கு தெருவிலும் அறுபது வீட்டு வாசலில் நின்று, குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டு வந்தாள். மூன்று மாலை பிடித்தது. செருப்பு தேய்ந்ததைத் தவிர வேறு செலவில்லை.

நான் எழுதிக்கொடுத்த கணக்கில், பூஜை, ஐயர் தட்சிணை, டீச்சர் புடவை, வாழைமரம் எல்லாம் சேர்த்து 4,500. அறுபது பேருக்கு டிபன் 5,400. விளக்கும் நாற்காலியும் 3,000. தாம்பூலப் பை 2,400. ஆயிரம் நோட்டீஸ் 2,500, அட்டை 1,500. இதெல்லாம் விழாவும் விளம்பரமும். பாதிக்கும் குறைவுதான். மீதி முதல் வாரத்துக்கும் அதற்குப் பிறகுக்கும். நூல், டிஷ்யூ, விரிப்பு, பவுடர் என்று முதல் வாரச் சரக்கு 4,000. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குப் புருவம் திருத்த மட்டும் வெளியிலிருந்து ஒரு பெண், 1,600. புருவத்துக்கான சலுகை ஆளுக்கு முப்பது ரூபாய் வீதம் நூற்றைம்பது பேருக்கு 4,500. அட்டையோடு திரும்பி வருகிறவர்களுக்கான சலுகை ஆளுக்கு இருநூறு வீதம் முப்பத்து மூன்று பேருக்கு 6,600. எதிர்பாராச் செலவு 4,000. அதே நாற்பதாயிரம்தான், ஒரு ரூபாய் கூடவில்லை.

நூற்றைம்பது என்பது உச்சவரம்பு. நோட்டீசிலேயே 'முதல் 150 பேருக்கு' என்று அச்சடிக்கச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, கஞ்சத்தனமாகத் தெரிகிறது என்றாள். எழுதாமல் விட்டு, நடுவில் நிறுத்தினால் சண்டை வரும், எழுதிவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அரைமனதாக ஒப்புக்கொண்டாள்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஒரு புதன்கிழமை, எமகண்டம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் பூஜை. அன்று கடையில் வேலை எதுவும் கிடையாது, வியாழன் காலை பத்து மணிக்குத்தான் முதல் வாடிக்கையாளர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இது மிக அவசியம் என்பது என் கருத்து. திறப்பு விழா அன்று வருகிறவர்களில் சொந்தக்காரர்கள் அதிகம். பட்டுப்புடவையோடு வந்து, இட்லி பொங்கல் சாப்பிட்டுவிட்டு, 'எனக்குச் சும்மா ஒரு தடவை புருவத்தை எடுத்துவிடேன்' என்று அத்தைமார்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்ப முடியுமா? காசும் கேட்க முடியாது. அந்த நேரத்தில் உண்மையான வாடிக்கையாளர் ஒருத்தி எட்டிப்பார்த்தால், கல்யாண வீடு என்று நினைத்துத் திரும்பிவிடுவாள். வந்தவர்களுக்குக் கடையைச் சுற்றிக்காட்டி, தாம்பூலப் பையில் நோட்டீசை வைத்துக் கொடுத்து அனுப்பினோம். இரண்டு அத்தைகளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. வியாழக்கிழமை வந்து இருபது ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டு போனார்கள்.

கடையில் ஒரு நீளமான நோட்டு வைக்கச் சொன்னேன். பெயர், தெரு, வந்த நேரம், நாற்காலியில் உட்கார்ந்த நேரம், என்ன வேலை. ஐந்தே பத்திகள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை வைத்துக் கூட்டத்தை மதிப்பிட முடியாது. மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் கூட்டம் போலத் தெரியும். வந்த நேரத்துக்கும் உட்கார்ந்த நேரத்துக்கும் இடைவெளி இருபது நிமிடத்தைத் தாண்டினால்தான் தொட்டி வழியப்போகிறது என்று அர்த்தம்.

வியாழன் 14 பேர், வெள்ளி 11. அவள் முகம் வாடிப்போயிற்று. நடிகையை அழைத்திருக்கலாமோ என்று அன்றிரவு போனில் கேட்டாள். சங்கிலியை நினைத்திருப்பாள், எனக்கும் அந்த நினைப்புத்தான். சனிக்கிழமை 31 பேர். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போய், மூன்றேகாலுக்குத்தான் வந்தது. ஃபேஷியலுக்கு ஆவி பிடிக்கும் கருவியும் வேக்ஸ் சூடாக்கும் பாத்திரமும் நின்றுபோயின. ஆனால் புருவ வேலை நிற்கவில்லை. நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு, திரையை முக்கால்வாசி மூடி, பகல் வெளிச்சத்திலேயே செய்தார்கள். பாதி விலை ஃபேஷியலுக்கு ஆள் அழைத்திருந்தால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

ஞாயிறு 38 பேர். அதில் முக்கால்வாசிப்பேர் மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்றாக வந்தார்கள். நோட்டில் இடைவெளி நாற்பது நிமிடம் வரை போய்விட்டது. அப்போதுதான் அந்தத் தேர்ந்த பெண் ஒரு காரியம் செய்தாள். அட்டையின் பின்னால் 'ஐந்தரை', 'ஐந்தே முக்கால்' என்று நேரம் எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்விட்டு அந்த நேரத்துக்கு வரச்சொன்னாள். வந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தார்கள். வேலையில் ஒரு சிறு விஷயத்தை வயதான பெண்கள் கவனித்துச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். ஒவ்வொருவருக்கும் புது நூல். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்ளாமல் கழுத்தில் கட்டிக்கொண்டு செய்கிறார்கள். அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கள் 16, செவ்வாய் 12, புதன் 16. மொத்தம் 138 பேர். சலுகைச் செலவு 4,140 ரூபாய், ஒதுக்கீட்டுக்குள் அடங்கிவிட்டது. வந்தவர்களில் சிலர் முழு விலையில் முடி வெட்டிக்கொண்டும் வேக்ஸிங் செய்துகொண்டும் போனார்கள்.

முப்பது நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு வரச்சொன்னேன். மறுபடி வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 21 பேர் அட்டையைக் காட்டி 600 ரூபாய் ஃபேஷியல் செய்துகொண்டவர்கள், மற்றவர்கள் முழு ஐம்பது ரூபாய் கொடுத்துப் புருவம் திருத்திக்கொண்டவர்கள். இதில் தெருப் பத்தியைப் பார்த்தபோதுதான் சுவாரசியமான விஷயம் தெரிந்தது. முதல் வாரத்தில் வந்த 138 பேரில் 74 பேர் அந்த நான்கு தெருக்காரர்கள். அவர்களில் 41 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தவர்கள் 64. அவர்களில் திரும்பியவர்கள் எட்டே பேர். பேரன் முறையான அந்தப் பையன் பஸ் நிறுத்தத்தில் நின்று நானூறு நோட்டீஸ் கொடுத்தானே, அதன் விளைவு அந்தத் தூரத்துக்காரர்கள். இருபது ரூபாய்க்காக ஒரு தடவை வருவார்கள். அடுத்த தடவை அவர்கள் வீட்டுப் பக்கத்தில் உள்ள கடைக்குப் போவார்கள். புருவத்துக்காக யாரும் மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்ட மாட்டார்கள். கல்யாண அலங்காரத்துக்கு வேண்டுமானால் வருவார்கள், அது வேறு கணக்கு.

ஒரு குறையும் வந்தது. அட்டைச் சலுகை வாரநாளில் மட்டும் என்பதால், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பயன்படவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் எப்படிம்மா வருவேன்? உன் அட்டை வீட்டில இருக்கறவங்களுக்குத்தானா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து திங்கள், புதன் இரண்டு நாளும் மாலை எட்டு வரை கடையைத் திறந்து வைத்து, ஐந்தரைக்கு ஒன்று, ஆறே முக்காலுக்கு ஒன்று என்று இரண்டு இடங்களை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறாள். அந்தப் பெண்களுக்குக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அட்டைக்கு ஒதுக்கிய 6,600-இல் 4,200 செலவாகி, 2,400 மிச்சம். எதிர்பாராச் செலவில் குடிநீர்க் கேனும் ஒரு மேசை மின்விசிறியும் வாங்கியது போக 2,300 மிச்சம். இரண்டையும் சேர்த்து முன்பணமாக வைத்துக்கொண்டு, ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் ஓர் இன்வெர்ட்டர் வாங்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். வேக்ஸ் பாத்திரம், விளக்கு, மின்விசிறி இவற்றோடு ஆவிக் கருவியையும் தாங்குகிற அளவு எவ்வளவு, விலை எவ்வளவு என்று இரண்டு கடைகளில் எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். தெவி இல்லாமல் பேச்சு இல்லை.